தாலிச் செயினோடு மற்ற செயின்களும் மாலைகளும்: சிக்காமல், உரசாமல் போடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டின் முன்பகுதிதான் நகைப் பட்டறை. பழுது பார்க்க வரும் நகைகளை வாங்கி, எடை போட்டு, என்ன கோளாறு என்று கேட்டு எழுதிக்கொள்வது என் வேலை. அறுந்த செயின், தேய்ந்த வளையம், பிரிக்க முடியாத சிக்கு என்று வருகிறவற்றில் பெரும்பாலானவை ஒன்றுக்கு மேல் போடுவதால் வந்தவை. கேள்விகளும் திரும்பத் திரும்ப ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே மறுபடி சொல்லவில்லை. வரிசையாகப் படித்தால் எளிது.

ரெண்டு செயினுக்கு நடுவுல எத்தனை இன்ச் வித்தியாசம் இருக்கணும்?

டாலர் இல்லாத வெறும் செயின்களுக்கு 2 இன்ச் போதும். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கடையில் சொல்லும் 18 இன்ச், 20 இன்ச் எல்லாம் செயினின் முழு நீளம். கூடுதல் 2 இன்ச் கழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்துபோவதால், முன்பக்கம் ஏறத்தாழ ஓர் இன்ச்தான் கீழே இறங்கும். இதை மறந்துவிட்டு வாங்குகிறவர்கள்தான் "வித்தியாசம் இருக்கு, ஆனா ஒண்ணு மேல ஒண்ணு விழுது" என்று வருகிறார்கள்.

மேலே கிடக்கும் செயினில் டாலர் இருந்தால், டாலரின் உயரத்தை இரண்டால் பெருக்கி, அதோடு ஓர் இன்ச் கூட்டுங்கள். 18 இன்ச் செயினில் ஓர் இன்ச் உயரப் பிள்ளையார் டாலர் என்றால் அடுத்த செயின் 21 இன்ச்சாவது வேண்டும். 20 வாங்கினால் டாலரின் அடி கீழ்ச் செயினைத் தொட்டுக்கொண்டே இருக்கும், குனிந்தால் மாட்டும். வாங்கும் முன் ஒரு நூலை அந்த நீளத்துக்கு வெட்டிக் கழுத்தில் போட்டு, கண்ணாடியில் பாருங்கள். ஒல்லியான கழுத்துக்கும் பருத்த கழுத்துக்கும் ஒரே 18 இன்ச் ஒரே இடத்தில் நிற்காது.

தாலிச் செயினோட மெல்லிசா ஒரு செயின் போடுறேன். காலையில போட்டா மதியத்துக்குள்ள ரெண்டும் முறுக்கிக்குது. ஏன்?

மெல்லிய செயின் நிலையாக நிற்காது. 2, 3 கிராம் செயின் நீங்கள் கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் சுற்றி நகரும். தாலிச் செயின் கீழே திருமாங்கல்யம், குண்டு, காசு எல்லாம் கோத்து எடையாகத் தொங்குவதால் அசையாமல் கிடக்கும். ஒன்று நிற்க, இன்னொன்று சுற்றினால் முறுக்கு விழும். பெரும்பாலும் அது ஆரம்பிப்பது பின்கழுத்தில், முடியும் வியர்வையும் சேரும் இடத்தில். முன்னால் நமக்குத் தெரிவது அதன் முடிவுதான்.

முகப்பு வைத்த தாலிச் செயின் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. முகப்பு வழக்கமாகக் கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் ஒரு பக்கமாக நிற்கும். சின்னச் செயின் கடந்து போகும் இடமும் அதுவேதான். முகப்பின் கல் கட்டும் ஓரமும் மெல்லிய செயினைப் பிடித்து இழுக்கும். சின்னச் செயினை 16 இன்ச்சுக்கு ஏற்றிவிட்டால் அது முகப்புக்கு மேலேயே நின்றுவிடும். இல்லாவிட்டால் தாலிச் செயினைக் கொஞ்சம் நகர்த்தி, முகப்பு இன்னும் கீழே வருகிற மாதிரி வைத்துப் பாருங்கள்.

சின்னச் செயினுக்கு ஒரு சிறிய, ஆனால் கனமான டாலர் மாட்டுவதும் நல்ல வழி. தகடு மாதிரியான லேசான டாலர் பயன்படாது, அதுவும் சேர்ந்து புரளும்.

எந்த மாடல் செயின் சிக்காது?

சிக்கவே சிக்காத செயின் கிடையாது. கண்ணிகளுக்கு நடுவே இடைவெளி குறைவாக இருப்பது நல்லது. முறுக்குச் செயினும், கோதுமைக் கதிர் மாதிரி நெருக்கமாகப் பின்னிய செயினும் ஓரளவு பரவாயில்லை. பெரிய திறந்த கண்ணி உள்ளது இன்னொரு செயினின் கொக்கியைப் பிடித்துக்கொள்ளும். மிகவும் தொல்லை தருவது நூல் மாதிரி மெலிந்த பாக்ஸ் செயின்.

பாம்பு மாதிரி வழவழப்பாக இருக்கும் செயினும், தட்டையாகப் பளபளக்கும் பட்டைச் செயினும் சுலபத்தில் பின்னிக்கொள்ளாது. ஆனால் ஒரு முறை மடிந்துவிட்டால் அந்த மடிப்பு போகவே போகாது. பட்டறையில் தட்டி நிமிர்த்தினாலும் கோடு தெரியும். தாலிச் செயினுக்கு மேலே அதைப் போட்டால் கீழே இருக்கும் கண்ணிகளின் மேடு பட்டு மடியும். அதைத் தனியாகப் போடுங்கள்.

இரண்டையும் வேறு வேறு மாதிரி வைத்துக்கொள்வது முக்கியம். ஒரே கனம், ஒரே கண்ணி என்றால் முறுக்கிக்கொள்ளும், பார்வைக்கும் பிரித்துத் தெரியாது. ஒன்று மெல்லிசு, ஒன்று தடிமன் என்று இருக்கட்டும்.

கொக்கி எப்பப் பார்த்தாலும் முன்னால வந்து நிக்குது. என்ன செய்யலாம்?

முன்னால் தொங்குவதைவிடக் கொக்கி கனமாக இருக்கிறது என்று அர்த்தம். டாலரைக் கனமாக்கலாம், இல்லாவிட்டால் கொக்கியைச் சின்னதாக மாற்றச் சொல்லலாம். இரண்டாவது சின்ன வேலைதான்.

தாலி அல்லாத இரண்டு செயின்கள் என்றால் இன்னொரு வழி உண்டு. இரண்டு, மூன்று துளை வைத்த கொக்கிப் பட்டை விற்கிறார்கள். செயின்களின் பின்முனைகளை அதில் வரிசையாக மாட்டினால் பின்கழுத்தில் இடம் மாறாது, சிக்கு பாதிக்கு மேல் குறையும். காந்தம் வைத்ததை மட்டும் தங்கத்துக்கு வாங்காதீர்கள். பேருந்துக் கூட்டத்தில் ஓர் இழுப்பில் திறந்துவிடும், போனது தெரியவும் தெரியாது.

தாலிச் செயினை இந்தப் பட்டையில் மாட்ட வேண்டாம். ஒன்றை இழுத்தால் எல்லாம் சேர்ந்து இழுபடும், அறுவது பெரும்பாலும் பலவீனமான வளையம்தான். தாலிச் செயினுக்கு எஸ் கொக்கி என்றால் அதன் இரண்டு வாயும் நன்றாக அழுத்தி மூடியிருக்கிறதா என்று மாதம் ஒரு முறை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் உள்ளே போனால் வாய் திறந்திருக்கிறது. மெல்லிய செயின் அதில்தான் நுழைந்து மாட்டும்.

தாலியில ஊக்கு மாட்டி வெச்சிருக்கேன். அதனால ஏதும் ஆகுமா?

ஆகும். எங்கள் அம்மாவும் இப்படித்தான் நாலைந்து ஊக்கு வைத்திருப்பார், அவசரத்துக்கு உதவும் என்பது உண்மைதான். ஆனால் ஊக்கு எஃகு, தாலிச் செயின் பெரும்பாலும் 22 காரட். அதாவது நூற்றுக்குக் கிட்டத்தட்ட 91.6 பங்கு தங்கம், மென்மையானது. இரவும் பகலும் எஃகு உரசினால் தங்கம்தான் தேயும்.

ஒருவர் ஒன்பது வருடம் போட்ட செயினைக் கொண்டுவந்தார். மேலே எல்லாக் கண்ணியும் நன்றாக இருந்தன. ஊக்கு மாட்டியிருந்த இரண்டு வளையம் மட்டும் உள்பக்கம் பாதியாகத் தேய்ந்து, கம்பி மாதிரி ஆகியிருந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் திருமாங்கல்யமே விழுந்திருக்கும். வளையத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள்; ஒரு பக்கம் தடிமனும் ஒரு பக்கம் மெலிவும் தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஊக்கின் வாய் மெல்லிய செயினைக் கவ்விப் பிடிக்கும் என்பது அடுத்த தொல்லை. ஊக்கைப் பர்ஸில் வையுங்கள்.

தங்கத்தோட வெள்ளி போடலாமா? பார்க்க நல்லா இருக்குமா?

போடலாம். வெள்ளியும் தங்கத்தைப் போலவே மென்மையான உலோகம், தங்கத்தைப் பெரிதாகத் தேய்க்காது. கறுப்பதுதான் வெள்ளியின் குணம். காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் பட்டு அதன்மேல் கறுப்பு படியும். அந்தக் கறுப்பு பக்கத்திலிருக்கும் தங்கக் கண்ணிக்குள் ஒட்டிக்கொண்டு, "தங்கம் கறுத்துப்போச்சு" என்று கவலைப்பட வைக்கும். மென்மையான சோப்பு நீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்தால் போய்விடும். வெள்ளியைத் துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொண்டால் இந்தக் கவலை இல்லை.

பார்வைக்கு நான் பின்பற்றுவது ஒன்றுதான்: எந்த உலோகமும் உடம்பில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் தெரியக் கூடாது. கழுத்தில் வெள்ளிச் செயின் போட்டால் காதிலோ விரலிலோ கைக்கடிகாரத்திலோ வெள்ளை இன்னொரு முறை வரட்டும். வரவில்லை என்றால் அது மாற்றிப் போட்டுவந்த மாதிரி இருக்கும். தங்கமும் வெள்ளையும் கலந்து செய்த டாலர் ஒன்று நடுவில் இருந்தால் இரண்டையும் அது சேர்த்து வைக்கும்.

வைர டாலர் போட்ட 18 காரட் செயின், பிளாட்டினம் செயின் எல்லாம் தாலிச் செயினோட சேர்த்துப் போடலாமா?

எப்போதாவது ஒரு நாள் என்றால் தாராளமாக. தினமும் என்றால் யோசியுங்கள். 18 காரட்டில் 75 பங்குதான் தங்கம். மீதி செம்பு, வெள்ளி போன்றவை. அதனால் 22 காரட்டைவிடக் கடினம். நகைக்கான பிளாட்டினமும் 22 காரட் தங்கத்தைவிடக் கடினம். கடினமானதும் மென்மையானதும் ஒரே இடத்தில் உரசினால் தேய்வது தாலிச் செயின். வைரக் கல்லின் ஓரமும் தங்கத்தில் கோடு போடும். முதல் கேள்வியில் சொன்ன இடைவெளியை இங்கே இன்னும் தாராளமாக விடுங்கள். முன்பக்கம் ஒன்றையொன்று தொடாவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பின்கழுத்தில் தொடுவதைத் தவிர்க்க முடியாது, அதனால்தான் தினசரி வேண்டாம் என்கிறேன்.

நிறத்தையும் பாருங்கள். 18 காரட்டின் மஞ்சள் வெளிறியிருக்கும். 22 காரட் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும், அரைகுறையாகப் பொருந்தும். அப்படி இருப்பதைவிட ரோஸ் கோல்டு, வெள்ளைத் தங்கம் என்று நன்றாக வேறுபட்ட நிறம் எடுத்தால் வேண்டுமென்றே போட்டது தெரியும். வெள்ளைத் தங்கத்துக்கு மேலே பொதுவாக ரோடியம் பூச்சு இருக்கும். உரசலில் அது போய் உள்ளே மஞ்சள் எட்டிப் பார்த்தால் பயப்படாதீர்கள், மறுபடி பூசிக்கொள்ளலாம்.

ஒரு கிராம் தங்க நகை, கவரிங் எல்லாம் அசலோட கலந்து போட்டா தெரியுமா?

பளபளப்பு ஒன்றாக இல்லாவிட்டால் தெரியும். புதுக் கவரிங் மின்னும், பத்து வருடத் தாலிச் செயின் அடங்கியிருக்கும். ஆன்டிக் மெருகிட்ட மாலையைத் தேர்ந்தெடுத்தால் இந்த ஒப்பீடே எழாது. கோயில் நகை வகையும் அப்படித்தான். நாகர்கோவில் வடசேரியில் வெள்ளியில் செய்து தங்கம் பூசி, சிவப்பு பச்சைக் கெம்புக் கல் பதிக்கும் மாலைகளுக்குத் தனி நிறம் உண்டு. அவற்றை யாரும் தாலிச் செயினோடு வைத்து ஒப்பிட மாட்டார்கள். பூச்சு நகையை அசல் செயினோடு உரசவிட்டால் முதலில் போவது பூச்சுதான், அதனால் அதைச் சேலைக்கு மேலேயும் தாலியை ஜாக்கெட்டுக்கு உள்ளேயும் விடுங்கள்.

கல்யாணத்துக்கு அட்டிகை, நெக்லஸ், ஆரம் மூணும் போடணும். எப்படி வரிசைப்படுத்துறது?

சமீபத்தில் எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்குச் செய்ததை அப்படியே சொல்கிறேன். அரக்குச் சிவப்புக் காஞ்சிப் பட்டு, வட்டக் கழுத்து ஜாக்கெட். கெம்பு அட்டிகை, பாட்டி கொடுத்த மாங்காய் மாலை, லட்சுமி டாலர் வைத்த ஆரம். அட்டிகையைக் கழுத்தின் அடியில் ஒட்டி நிறுத்தினோம். மாங்காய் மாலை ஜாக்கெட் விளிம்பைத் தொடாமல் அதற்கு ஒரு விரல் மேலே நின்றது. விளிம்பு மேல் நின்றால் ஜரிகையும் தங்கமும் கலந்து எதுவும் தெரியாது. ஆரம் மார்புக்குக் கீழே, டாலர் தனியாகத் தெரியும்படி. அவளிடம் ஒரு வைர நெக்லஸும் இருந்தது. அதை நிச்சயதார்த்தத்துக்கு ஒதுக்கிவிட்டோம். கெம்பின் சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளைக் கல் தனியாகக் கூச்சலிடும்.

முக்கியமான வேலை பின்னால்தான். மூன்றுக்கும் பின்கயிறு இருக்கும். எல்லா முடிச்சையும் ஒரே இடத்தில் போட்டால் ஒரு பந்தாகிவிடும். அட்டிகைக் கயிறு கழுத்தின் மேல், முடி தொடங்கும் இடத்தில்; மாங்காய் மாலை அதற்கு இரண்டு விரல் கீழே; ஆரத்தின் கயிறு ஜாக்கெட்டின் பின்விளிம்புக்குப் பக்கத்தில். மிச்சக் கயிற்றையும் குஞ்சத்தையும் ஜடைக்கு உள்ளே தள்ளி மறைத்தோம். நடுவில் கொஞ்சம் காலி இடம் வேண்டுமென்றே விட்டோம். அங்கேதான் மணமகன் தாலி கட்டி முதல் முடிச்சுப் போடுவான், நாத்தனார் மீதி முடிச்சைப் போடுவாள். அந்த இடத்தில் நகைக் கயிறு கிடந்தால் மஞ்சள் கயிறு அதோடு சேர்ந்து முடியப்படும். அப்புறம் நகையைக் கழற்றவே முடியாது. முகூர்த்தத்தில் இது நடந்து, சாயங்காலம் அட்டிகைக் கயிற்றை அறுத்து எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மாலை மாற்றும்போது இன்னும் கவனம் வேண்டும். பூமாலையின் நாரும் ஜரிகைச் சரமும் ஆரத்தில் மாட்டும். மாலையைத் தலைக்கு மேலே நன்றாகத் தூக்கிக் கழற்றச் சொல்லுங்கள், முன்னால் இழுக்க வேண்டாம்.

ஆரம் சேலை நூலை இழுத்துடுது, இடமும் மாறிக்கிட்டே இருக்கு.

காசு மாலையின் விளிம்பும், கல் கட்டிய பின்புறமும்தான் இழுப்பவை. நகையைத் திருப்பி, உள்ளங்கையால் இல்லாமல் ஒரு பழைய நைலான் துணியால் தடவிப் பாருங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அந்த முனையைப் பத்தரிடம் அரம் போடச் சொன்னால் போதும். இடம் மாறாமலிருக்க, ஆரத்தின் இரண்டு பக்கமும் தோளுக்குக் கீழே உள்ள கண்ணியில் சின்ன ஊக்கை நுழைத்து ஜாக்கெட்டில் குத்துங்கள். சேலையில் குத்தினால் சேலையும் நகரும், ஆரமும் நகரும். ஊக்கு சில மணி நேரத்துக்கு மட்டும்தான், இதையும் தாலியில் மாட்டும் ஊக்கையும் ஒன்றாக நினைக்காதீர்கள்.

சிக்கிடுச்சு. இழுக்காம எப்படிப் பிரிக்கிறது?

முதலில் எல்லாக் கொக்கியையும் திறந்துவிடுங்கள். மூடிய வளையமாக இருக்கும் வரை சிக்கு அவிழாது. ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து, முடிச்சின் மேல் கொஞ்சம் முகப் பவுடர் தூவி, விரலால் லேசாக உருட்டுங்கள். பிறகு இரண்டு குண்டூசியை முடிச்சின் நடுவில் விட்டு, எதிர்த்திசையில் மெல்ல விரியுங்கள். முனையைத் தேடாதீர்கள், நடுவைத் தளர்த்தினால் முனை தானாக வெளியே வரும். ரொம்ப இறுகியிருந்தால் பவுடருக்குப் பதில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

எண்ணெயும் தண்ணீரும் வெறும் உலோகச் செயினுக்கு மட்டும். கெம்பு, முத்து, பவளம் இருந்தால் வேண்டாம். கெம்புக்கு அடியில் அரக்கோ மெழுகோ இருக்கும், ஈரம் இறங்கினால் கல் மங்கிவிடும். அரை மணி நேரத்தில் வரவில்லை என்றால் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். இழுத்துக் கண்ணி நீண்டுவிட்டால் அந்த இடம் எப்போதும் பலவீனம்தான்.

ஊருக்குப் போகும்போது எப்படி எடுத்துட்டுப் போறது?

மெல்லிய செயின் ஒவ்வொன்றையும் ஒரு ஸ்ட்ராவுக்குள் விட்டு, மறுபக்கம் கொக்கியைப் போட்டுவிடுங்கள். இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. கனமான ஆரத்தை மெல்லிய பருத்தித் துணியில் நீளமாக வைத்துச் சுருட்டுங்கள். அட்டிகையை மடக்காதீர்கள்.

தாலியைக் கழட்டக் கூடாதுன்னு வீட்டுல சொல்றாங்க. தூங்கும்போது எல்லாமே சிக்குது.

தாலி இருக்கட்டும், மற்றதைக் கழற்றி வையுங்கள். தூக்கத்தில் புரள்வதுதான் இரண்டாவது கேள்வியில் சொன்ன முறுக்கை எட்டு மணி நேரம் தொடர்ந்து செய்வது. கைக்குழந்தை இருந்தாலும் இதே பதில்தான். குழந்தை பிடிப்பது மெல்லிய செயினை, அறுவதும் அதுவே. குளிக்கும்போது பூசும் மஞ்சளும் சோப்பும் தாலிச் செயினின் கண்ணிகளில் இறுகும். இறுகிய கண்ணி மடங்காமல் நிமிர்ந்து நின்று மற்றதை மாட்டும். வெதுவெதுப்பான நீரில் மாதம் இரண்டு முறை பிரஷ்ஷால் தேய்த்தால் செயின் மறுபடி துணி மாதிரி விழும்.

ரெண்டு செயினையும் ஒரே கொக்கியில பத்தர்கிட்ட நிரந்தரமா பற்ற வெச்சுட்டா என்ன?

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நாங்கள் மறுத்துவிடுவோம். 22 காரட்டும் 18 காரட்டும் ஒன்றாகப் பற்ற வைத்தால் பின்னால் மாற்றப் போகும்போது கடைக்காரர் தரத்தைப் பிரித்துப் பார்க்க முடியாமல் குறைத்துப் போடுவார். பற்ற வைக்கும் பொடியிலும் தங்கம் குறைவு. இப்போது விற்கும் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு கொண்ட ஹால்மார்க் இருக்கிறது. சின்ன நகையில் அது பல சமயம் கொக்கிக்குப் பக்கத்தில்தான் இருக்கும், அந்த இடத்தில் நெருப்புக் காட்டினால் அழியக்கூடும்.

இரண்டும் 22 காரட் என்றால், பற்ற வைக்காமல் திறந்து மூடும் ஒரு சின்ன வளையம் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். அரை கிராமுக்குள் முடியும். வேண்டும்போது இரண்டு செயினின் பின்முனையையும் அதில் மாட்டலாம், வேண்டாதபோது கழற்றிவிடலாம். செய்யச் சொல்லும்போது செயினின் கம்பியைவிட வளையத்தின் கம்பி கொஞ்சம் மெல்லியதாக இருக்கட்டும் என்று சொல்லுங்கள். எதிர்பாராமல் இழுபட்டால் வளையம் திறக்கும், செயின் பிழைக்கும்.